எண்ணெயை வாங்கிக்கொள்ளும் வெள்ளைக் கரு

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் முட்டை இருக்கும் பக்கத்தைப் புரட்டினால் மூன்று எண்கள் அடுத்தடுத்து வரும். 100 கிராம் அவித்த முட்டையில் 155 கலோரி. 100 கிராம் பொரித்த முட்டையில் 196. 100 கிராம் ஆம்லெட்டில் 154. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், எண்ணெய் விட்டுச் செய்த ஆம்லெட்டில் வெறும் தண்ணீரில் அவித்த முட்டையைவிட ஒரு கலோரி குறைவு என்றாகிறது. உடல் எடையைக் குறைக்க நினைக்கும் ஒருவர் இந்தப் பட்டியலை நம்பி அவித்த முட்டையை விட்டு ஆம்லெட்டுக்கு மாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டியலிலும் தவறில்லை. 100 கிராம் என்ற அளவுதான் ஆளை ஏமாற்றுகிறது. யாரும் 100 கிராம் முட்டை என்று சாப்பிடுவதில்லை. ஒரு முட்டை, இரண்டு முட்டை என்றுதான் சாப்பிடுகிறோம். கணக்கையும் ஒரு முட்டையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கடையில் வாங்கும் நடுத்தரத்துக்குச் சற்றுப் பெரிய முட்டை ஒன்று ஓட்டோடு 56 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் அதன் உட்புறச் சவ்வும் 6 கிராம் போக, மீதி 50 கிராம். அதில் வெள்ளைக் கரு 33 கிராம், மஞ்சள் கரு 17 கிராம். எடையில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை. ஆனால் கலோரியில் நிலைமை தலைகீழ். மொத்தம் ஏறக்குறைய 72 கலோரியில் வெள்ளைக் கரு தருவது 17தான். மீதி 55ம் மஞ்சளில் இருக்கிறது. (நாம் பேச்சு வழக்கில் கலோரி என்பது அறிவியல் கணக்கில் கிலோகலோரி. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பொருளில்தான் அந்தச் சொல் வருகிறது.)

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் தண்ணீர். வெள்ளைக் கருவில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம், அதாவது 33 கிராமில் சுமார் 3.6 கிராம். கொழுப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். மஞ்சள் கருவில் தண்ணீர் பாதியளவுதான். 17 கிராமில் 4.5 கிராம் கொழுப்பு, 2.7 கிராம் புரதம். பலர் நினைப்பதுபோலப் புரதம் முழுவதும் வெள்ளையில் இல்லை. முட்டையின் புரதத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் மஞ்சளில் இருக்கிறது. மஞ்சளை எடுத்து எறிபவர் கொழுப்போடு இதையும் சேர்த்துத்தான் எறிகிறார்.

இந்த எண்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கணக்கும் எளிதாகப் புரியும். உணவுப் பொருளை உலர்த்தி, ஆக்சிஜன் நிரப்பிய இரும்புக் கலத்துக்குள் வைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளப்பது பழைய முறை. ஆனால் உடம்பு அடுப்பைப்போல எல்லாவற்றையும் முழுக்க எரிப்பதில்லை. புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது. அந்த யூரியாவில் கொஞ்சம் ஆற்றல் மிச்சம் இருக்கிறது. செரிக்காமல் மலத்தில் போகும் பங்கு ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் இந்த இழப்புகளையெல்லாம் கழித்து, உடம்புக்குக் கிடைப்பது எவ்வளவு என்று கணக்கிட்டார். கொழுப்பு கிராமுக்கு 9, புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 என்று இன்று எல்லாப் பொட்டலங்களிலும் அச்சாகும் கணக்கு அவருடைய உழைப்பில் வந்தது. பின்னாளில் ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனி எண்கள் வகுத்தபோது முட்டைப் புரதத்துக்கு 4.36 என்று வைத்தார்கள். மற்றப் பல உணவுகளின் புரதத்தைவிட முட்டைப் புரதம் நன்றாகச் செரிக்கிறது என்பதால் இந்தச் சலுகை. மஞ்சள் கருவில் 4.5 கிராம் கொழுப்பை 9ஆல் பெருக்கினால் 40 கலோரிக்கு மேல் வரும். 2.7 கிராம் புரதத்துக்கு 12. இம்மியளவு மாவுச்சத்துக்கு 2. ஆக 55. இந்த 55 கலோரியில் நான்கில் மூன்று பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது.

அவித்த முட்டையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஓடு மூடியிருக்கிறது; சட்டியில் இருப்பது தண்ணீர். உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே போக வழியில்லை, வெளியிலிருந்து கலோரி எதுவும் உள்ளே வரவும் வழியில்லை. பட்டியலில் பச்சை முட்டைக்கு 72 கலோரியும் அவித்த முட்டைக்கு 78 கலோரியும் போட்டிருப்பதைப் பார்த்து, அவிப்பதால் 6 கலோரி கூடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு வரிகளையும் ஒப்பிட்டால், அவித்த முட்டையின் வரியில் கொழுப்பு அரை கிராம் கூடுதலாக இருக்கிறது, புரதம் மாறவில்லை. தண்ணீர் கொதித்துக் கொழுப்பு உண்டாகாது. வெவ்வேறு முட்டைகளை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கோழிக்குக் கோழி முட்டை மாறும். ஒரே கோழி வயதாக ஆகப் பெரிய முட்டை இடும், அதில் மஞ்சளின் பங்கும் கூடும். அதனால் ஒரு முட்டையின் கலோரியை 70க்கும் 80க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அதற்குமேல் துல்லியம் காட்டும் கைபேசிச் செயலிகளை நம்ப வேண்டியதில்லை.

அவித்த முட்டையில்தான் இரண்டு கருவையும் சேதமில்லாமல் பிரித்துச் சாப்பிட முடியும். வெள்ளையை மட்டும் தின்றால் 17 கலோரி, மஞ்சளை மட்டும் தின்றால் 55 என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். அவித்த மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் ஒரு வளையம் தெரிந்தால், அதிக நேரம் கொதித்துவிட்டது என்று பொருள். வெள்ளையிலிருந்து வந்த கந்தகமும் மஞ்சளில் இருந்த இரும்பும் சேர்ந்து உண்டான நிறம் அது. அதனால் கலோரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

எண்ணெய் வந்ததும் கதை மாறுகிறது. எண்ணெயில் தண்ணீர் கிடையாது; முழுக்கக் கொழுப்பு. 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியில் நிறைய எடுத்தால் 4.6 கிராம், அதாவது 41 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நெய் எல்லாமே இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறு காரணங்களுக்காக ஒன்றைவிட இன்னொன்று நல்லது என்று வாதாடலாம். கலோரிக்காக எண்ணெய் மாற்றுவது வீண் வேலை. வெண்ணெய் மட்டும் சற்றுக் குறைவு; அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருக்கிறது.

இப்போது ஆஃப்பாயிலைப் பார்ப்போம். கல்லில் எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளை பரவுகிறது, மஞ்சள் நடுவில் குமிழாக நிற்கிறது. கூர்ந்து பார்த்தால் மஞ்சள் எங்கேயும் கல்லைத் தொடவில்லை. அதன் அடியிலும் கெட்டியான வெள்ளை ஒரு படலமாகக் கிடக்கிறது. மஞ்சளைச் சுற்றி மெல்லிய சவ்வு வேறு. எண்ணெயைத் தொடுவது முழுக்க முழுக்க வெள்ளைக் கருதான். அடியில் எண்ணெய், ஓரத்தில் எண்ணெய். ஓரம் மெலிந்து சரிகைபோல முறுகும் இடத்தில் தண்ணீர் வற்றிப் போய், அது இருந்த பொந்துகளில் எண்ணெய் நிற்கிறது. ஆக, பொரித்த முட்டையில் கூடும் கலோரி மஞ்சளில் கூடுவதில்லை. மஞ்சள் அதே 55. வெள்ளைதான் 17லிருந்து ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது? அமெரிக்கப் பட்டியலில் ஒரு பெரிய முட்டையைப் பொரித்த பிறகு எடை 46 கிராம், கலோரி 90. பச்சையாக இருந்தபோது 50 கிராம், 72 கலோரி. கொழுப்பு 2 கிராம் கூடியிருக்கிறது, ஆனால் எடை 4 கிராம் குறைந்திருக்கிறது. அப்படியானால் ஆவியாகப் போன தண்ணீர் 6 கிராம். 38 கிராம் தண்ணீர் இருந்த முட்டையில் 32 கிராம்தான் மிச்சம். 100 கிராம் கணக்கில் 196 என்ற பெரிய எண் வந்ததற்கு எண்ணெய் பாதிக் காரணம், தண்ணீர் வற்றியது மீதிக் காரணம். ஒரு முட்டைக்கு என்று பார்த்தால் ஏற்றம் 18 கலோரி. அந்த 18ம் வெள்ளையில் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டால் 17 இருந்த வெள்ளை 35 ஆகிறது. இரு மடங்கு.

நம் வீட்டுக் கல்லில் இது இன்னும் கூடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அதில் முக்கால்வாசி முட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் 31 கலோரி. வெள்ளைக் கரு 48ஐத் தொட்டுவிடும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடும் பழக்கம் இருந்தால் மஞ்சளையே மிஞ்சிவிடும். கொழுப்பு வேண்டாம் என்று ஆஃப்பாயிலில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு முறுகலான வெள்ளையை மட்டும் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் ஒதுக்கி வைத்தது வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் அடங்கிய கொழுப்பு. வாயில் போட்டுக்கொண்டது வெறும் சமையல் எண்ணெய். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான். நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியம் இப்படித் திசைமாறிப் போகிறது.

எண்ணெய் எந்த நேரத்தில் உள்ளே போகிறது என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. சூட்டில் இருக்கும்போது முட்டைக்குள்ளிருந்து நீராவி வெளியே வந்துகொண்டே இருக்கிறது. சுற்றிலும் படபடவென்று பொரியும் சத்தம் அந்த ஆவி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு வெளியேறும் சத்தம். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. அடுப்பிலிருந்து எடுத்ததும் சூடு தணிந்து உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது. அங்கே உண்டாகும் வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பொரித்த உணவுகளை ஆராய்ந்தவர்கள், எண்ணெயில் பெரும்பகுதி சட்டியை விட்டு எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதனால் தோசைத் திருப்பியில் எடுத்த முட்டையைத் தட்டில் போடுவதற்கு முன், சூடு ஆறாமல் இருக்கும்போதே, கல்லின் மேலேயே சாய்த்துப் பிடித்து வடிய விட்டால் கொஞ்சம் எண்ணெய் மிச்சமாகும். எண்ணெயோடு தட்டில் ஊறவிட்டு ஆறிய பிறகு வடிப்பதில் பயன் குறைவு.

ஆம்லெட்டில் நிலைமை வேறு. அங்கே இரண்டு கருவும் அடிபட்டு ஒன்றாகிவிடுகின்றன. இது வெள்ளையின் கலோரி, இது மஞ்சளின் கலோரி என்று தட்டில் பிரிக்க வழியில்லை. மஞ்சளில் லெசித்தின் என்ற கொழுப்பு வகை இருக்கிறது. அதன் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். மஞ்சளையும் எண்ணெயையும் அடித்தால் மயோனைஸ் கிடைப்பது இதனால்தான். அடித்த முட்டையைக் கல்லில் ஊற்றியதும் அது கெட்டியாவதற்குள் அடியில் இருக்கும் எண்ணெயோடு கொஞ்சம் கலந்துவிடுகிறது. போதாததற்கு அடிக்கும்போது சிக்கிய காற்றுக்குமிழிகள் வெந்து பஞ்சுபோல் ஆகின்றன. வெங்காயம் போட்ட இடங்களில் மேற்பரப்பு கரடுமுரடாகிறது. எண்ணெய் தங்க இடம் ஏராளம்.

இருந்தும் அந்தப் பட்டியலில் ஆம்லெட்டுக்கு ஏன் 154? ஒரு பெரிய முட்டையில் செய்த ஆம்லெட்டின் எடை அங்கே 61 கிராம், கலோரி 94. முட்டையே 50 கிராம்தான். கொழுப்பு 2 கிராமுக்குச் சற்று அதிகமாகச் சேர்ந்திருக்கிறது. மீதி எடை எங்கிருந்து வந்தது? அந்த ஆம்லெட்டில் தண்ணீர் மட்டும் 46 கிராம். பச்சை முட்டையில் இருந்ததைவிட 8 கிராம் கூடுதல். முட்டையோடு தண்ணீர் சேர்த்து அடித்து, அதிகம் வற்றவிடாமல் மிருதுவாகச் செய்த ஆம்லெட் அது. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆனால் எடை உண்டு. 100 கிராம் என்று பங்கு போடும்போது அந்தத் தண்ணீர் கலோரியை நீர்த்துப் போகச் செய்துவிட்டது. ஒரு முட்டைக்கு என்று வைத்துப் பாருங்கள்: அவித்தது 72 முதல் 78, பொரித்தது 90, ஆம்லெட் 94. குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் 94 என்பது அமெரிக்கச் சமையலறையின் எண், நம் ஊர் ஆம்லெட்டின் எண் அன்று. நம் ஊரில் கல்லில் எண்ணெய் தடவி, முட்டையை ஊற்றி, பிறகு சுற்றிலும் ஒரு வட்டம் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு இன்னொரு சொட்டு விடுவது வழக்கம். தள்ளுவண்டிக் கடையில் வாங்கும் டபுள் ஆம்லெட் ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். இரண்டு முட்டை 144. ஒரு கைப்பிடி பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து 10. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம். அதில் 4 கிராம் கல்லிலேயே நின்றுவிட்டால் 10 கிராம் ஆம்லெட்டோடு வரும், அதற்கு 90. மொத்தம் 244. இரண்டு முட்டைகளின் மஞ்சள் கருக்கள் சேர்ந்து தருவது 110 கலோரி. எண்ணெய் தருவது 90. அந்த ஆம்லெட்டுக்குள் ஏறக்குறைய மூன்றாவதாக ஒரு மஞ்சள் கருவும், நான்காவதில் பாதிக்கு மேலும் எண்ணெய் வடிவில் இருக்கின்றன. கரண்டி ஆம்லெட்டில் குழிந்த இரும்புக் கரண்டிக்குள் எண்ணெய் தேங்கி நிற்கும். வடிய இடமே இல்லாததால் ஊற்றியது பெரும்பாலும் உள்ளேதான் போகும். கலக்கி அப்படியில்லை. கல்லில் போட்டதும் இழுத்து மடித்து, முழுக்க வேகாமல் குழைவாக எடுப்பதால் எண்ணெயோடு இருக்கும் நேரமும் குறைவு, முறுகும் பரப்பும் குறைவு. எண்ணெய் அளவோடு விட்டால் கலக்கி ஆம்லெட்டைவிட லேசானது.

வெள்ளைக் கரு ஆம்லெட் பற்றித் தனியாகப் பேச வேண்டும், உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்கு அவ்வளவு மரியாதை. மூன்று முட்டைகளின் வெள்ளை 51 கலோரி, புரதம் கிட்டத்தட்ட 11 கிராம். இதுவரை அருமை. ஆனால் வெள்ளைக் கருவுக்குச் சொந்தக் கொழுப்பு இல்லாததால் அது கல்லில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளோடு அடித்த முட்டை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நழுவி வரும் கல்லில், வெறும் வெள்ளைக்கு இரண்டு தேவைப்படும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி இல்லாத வீடுகளில் இது அன்றாட அனுபவம். இரண்டு தேக்கரண்டியும் உள்ளே போனால் 82 கலோரி. ஆக, மூன்று வெள்ளைக் கரு ஆம்லெட் 133 கலோரி. பக்கத்தில் இரண்டு முழு முட்டைகளை அவித்து வைத்துப் பாருங்கள்: சுமார் 144 கலோரி, புரதம் 12.6 கிராம். கலோரியில் வித்தியாசம் 11. புரதம் அவித்ததில்தான் கூடுதல். மூன்று மஞ்சள் கருக்களைக் குப்பையில் போட்டதற்குக் கிடைத்த ஆதாயம் இவ்வளவே. அதே வெள்ளைக் கருவை அவித்தோ, சட்டியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டோ செய்தால் கணக்கு உண்மையிலேயே 51க்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது அதற்கு அர்த்தம் உண்டு.

மேலே நான் 'முக்கால்வாசி ஒட்டினால்', '4 கிராம் நின்றால்' என்று போட்டதெல்லாம் எடுத்துக்காட்டுக்காக. உங்கள் கல்லில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். சமையலறைத் தராசு ஒன்று போதும். எண்ணெய்க் கிண்ணத்தைச் சமைப்பதற்கு முன் எடை போடுங்கள். கரண்டியோடு சேர்த்துப் போடுங்கள், கரண்டியில் ஒட்டுவதும் கணக்கில் வரும். சமைத்து முடித்ததும் மறுபடி எடை போட்டால் எவ்வளவு எண்ணெய் கல்லுக்குப் போனது என்று தெரியும். அடுத்து, எடை பார்த்து வைத்த காகிதத் துண்டால் கல்லைச் சுத்தமாகத் துடைத்து, அந்தக் காகிதத்தை மறுபடி எடை போட வேண்டும். காகிதத்தில் ஏறிய எடை கல்லில் மிஞ்சிய எண்ணெய். முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் முட்டையோடு போன எண்ணெய். அதை 9ஆல் பெருக்கினால் கலோரி.

இதில் தவறு நுழையும் இடங்கள் உண்டு. சாதாரணத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி என்பதால், ஒரே ஆம்லெட்டை அளந்தால் அளவின் பிழை பதிலில் கணிசமான பங்காகிவிடும். நான்கு ஆம்லெட்டுகளை வரிசையாகச் சுட்டு, மொத்த எண்ணெயை அளந்து நான்கால் வகுத்தால் பிழை சுருங்கிவிடும். வாணலி நன்றாகப் பழகாத இரும்பாக இருந்தால் முட்டை ஒட்டிக் கருகும். அந்தத் துணுக்கும் காகிதத்தில் வந்து எண்ணெய் மிஞ்சியதுபோல் காட்டும். துடைத்த காகிதத்தில் மஞ்சளோ பழுப்போ திட்டாகத் தெரிந்தால் அந்த அளவை விட்டுவிடுவதே சரி. முட்டையை எடை போட்டு எண்ணெயைக் கண்டுபிடிக்க மட்டும் முயல வேண்டாம். உள்ளே எண்ணெய் ஏறும் அதே நேரத்தில் தண்ணீர் ஆவியாக இறங்குகிறது. பொரித்த முட்டை பச்சையைவிட எடை குறைந்துதான் வரும். அதைப் பார்த்து எண்ணெயே சேரவில்லை என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும்.

இதுவரை பார்த்தது தட்டில் இருக்கும் கலோரி. உடம்புக்குள் போய்ச் சேருவது அதே அளவுதானா என்பது இன்னொரு கேள்வி. பச்சை முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இது முக்கியம். 1998இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுகுடலின் முனை அறுவை சிகிச்சையால் வயிற்றுக்கு வெளியே திறந்துவிடப்பட்ட ஐந்து பேரின் துணையோடு இதைச் சோதித்தார்கள். பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்கள் குழப்புவதற்கு முன்பே, சிறுகுடலில் செரிக்காமல் வந்ததை இவர்களிடம் நேரடியாக அளக்க முடியும். கார்பன் அணுக்களில் அடையாளம் வைத்த முட்டைப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்ததில், வேக வைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரித்தது. பச்சை முட்டையில் 51 பங்குதான்.

வெள்ளைக் கருவின் அமைப்பில் இதற்கு விளக்கம் இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது அதன் புரத இழைகள் இறுக்கமாகச் சுருண்டிருக்கின்றன. செரிமான நொதிகளுக்கு வெட்டுவதற்கு நுனி கிடைப்பதில்லை. அதோடு ஓவோமியூகாய்டு என்ற புரதம் டிரிப்சின் என்னும் நொதியையே தடுக்கிறது. குஞ்சு வளரும் வரை கிருமிகளின் கையில் சிக்காமல் முட்டையைக் காக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. சூடு ஏற ஏற அந்தச் சுருள் பிரிகிறது. வெள்ளைக் கரு 60 டிகிரியைத் தாண்டியதும் பால்போல் வெளுக்கத் தொடங்கி, 80 டிகிரிக்கு மேல் நன்றாக இறுகுகிறது. மஞ்சள் 65 முதல் 70 டிகிரியில் கெட்டியாகிறது. கண்ணாடிபோல் இருந்த வெள்ளை வெளுத்து நிற்பதுதான் சுருள் பிரிந்ததற்குக் கண்ணால் காணும் அடையாளம். ஆஃப்பாயிலில் மஞ்சள் ஓடுகிறதே என்று செரிமானத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தடுப்புப் புரதம் இருப்பது வெள்ளையில், அது வெந்திருந்தால் போதும். மஞ்சளைச் சுற்றி மேற்பரப்பில் வெள்ளை இன்னும் கொழகொழவென்று பளபளத்தால், தட்டு போட்டு மூடி ஒரு நிமிடம் ஆவியில் விட்டால் அதுவும் இறுகிவிடும், கூடுதல் எண்ணெயும் வேண்டாம்.

லூவன் சோதனையின் விகிதத்தை வைத்து ஒரு முட்டைக்குக் கணக்குப் போட்டால், 6.3 கிராம் புரதத்தில் வேக வைத்ததில் 5.7 கிராம் சிறுகுடலில் செரிக்கும். பச்சையாகக் குடித்ததில் 3.2 கிராம். நான்கு பச்சை முட்டைகளை ஒரே மூச்சில் குடிப்பவருக்குச் சிறுகுடலில் கிடைக்கும் புரதம் 13 கிராம் அளவுதான். இரண்டேகால் முட்டையை அவித்துச் சாப்பிட்டால் அது கிடைத்துவிடும்.